20டபிள்யூ-50 ஊற்றினால் சூடு தாங்குமா?

கேள்வி: என்னுடையது 125 சிசி பைக். டெலிவரி வேலை, நாளைக்குப் பத்து மணி நேரம் வண்டியில்தான். முழுக்க வெயிலும் புழுதியும். மேனுவலில் 10டபிள்யூ-30 ஆயில் என்று இருக்கிறது. மதியத்துக்கு மேல் கியர் இறுகிப்போகிறது, இன்ஜின் சத்தமும் கூடுகிறது. மெக்கானிக் 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். மேனுவலில் ஆயில் பற்றிய பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். வெளியே எவ்வளவு வெயிலுக்கு எந்த கிரேடு என்று காட்டும் சிறு படம் பல மேனுவல்களில் இருக்கும். உங்கள் வெயிலுக்கு 10டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 ஊற்றலாம் என்று அதில் இருந்தால் தாராளமாக மாறுங்கள். 10டபிள்யூ-30 மட்டும்தான் என்றால் கிரேடை மாற்றாமல், மினரல் ஆயிலிலிருந்து முழு சிந்தெடிக்குக்குப் போங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். உங்கள் தொல்லைக்குக் கிரேடைவிட அதுதான் பெரிய மருந்து.

கெட்டியான ஆயில் சூட்டைத் தாங்கும் என்பதில் பாதி உண்மை உண்டு. சூடேறினால் எல்லா ஆயிலும் இளகும், ஆனால் பெயரில் கடைசி எண் 50 என்றுள்ள ஆயில் இளகிய பிறகும் 30 கிரேடைவிடக் கெட்டியாக இருக்கும். ஆனால் ரேடியேட்டர் இல்லாத உங்கள் இன்ஜினில், பிஸ்டனிலும் ஹெட்டிலும் உள்ள சூட்டை எடுத்துக்கொண்டு வெளியே வருவதும் இந்த ஆயில்தான். அந்த வேலைக்கு அது தடையில்லாமல் ஓட வேண்டும். 30 கிரேடை மனதில் வைத்து அளவெடுத்த குறுகிய வழிகளில் 50 கிரேடு சிரமப்பட்டுத்தான் நகரும். கெட்டி ஆயிலைக் கலக்கித் தள்ளுவதற்கே இன்ஜினின் சக்தி கொஞ்சம் போகும், அதுவும் சூடாகவே மாறும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஹெட்டுக்கு ஆயில் ஏறவும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

கியர் இறுகுவதற்கு வருவோம். காரில் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். உங்கள் பைக்கில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில், அதுவும் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். சூட்டிலும் ஆயில் அதிகம் இளகாமல் இருக்க அதில் நீளச் சங்கிலி போன்ற பாலிமர்களைச் சேர்க்கிறார்கள். கியர் பற்கள் ஒன்றோடொன்று அழுந்தும்போது அந்தச் சங்கிலிகள் அறுபடுகின்றன. அறுபட்டது திரும்பச் சேராது. 40 என்று எழுதிய டப்பாவிலிருந்து ஊற்றிய ஆயில், நாளாக ஆக 30-ன் அளவுக்கு இறங்கிவிடலாம். போதாததற்கு, சூடு காற்றோடு சேர்ந்து ஆயிலைக் கெடுக்கிறது. ஆயிலின் வெப்பம் 10 டிகிரி கூடினால் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது நடைமுறைக் கணக்கு. புது ஆயில் ஊற்றிய முதல் வாரம் கியர் வெண்ணெயாக விழுந்து, பிறகு மெல்ல மெல்ல முரடாகி, நியூட்ரல் கிடைக்கத் தேட வேண்டியிருந்தால் ஆயில் தளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நல்ல ஆயிலும் கரியைச் சுமந்து கறுக்கும்.

கிலோமீட்டரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று என்று மேனுவல் சொல்வதாக வைத்துக்கொள்வோம். திறந்த சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் போகிறவருக்கு அது 60 மணி நேர ஓட்டம். நெரிசலில் சராசரி 20-தான் வருகிறது என்றால் அதே தூரம் 150 மணி நேரம். சிக்னலில் நிற்கும்போது ஃபின்களில் காற்றும் படாது, ஆனால் ஆயில் வெந்துகொண்டே இருக்கும். அதனால் உங்களைப் போன்றவர்கள் மேனுவல் சொல்லும் தூரத்தில் பாதியிலேயே மாற்றிவிடுவது நல்லது. இந்தக் கணக்கில் 1,500 கிலோமீட்டர், அதாவது 75 மணி நேரம். நல்ல சிந்தெடிக் என்றால் இன்னும் சில நூறு கிலோமீட்டர் போகலாம். இரட்டிப்புத் தூரம் போகலாம் என்று நம்பாதீர்கள், சிந்தெடிக் ஆயிலிலும் புழுதி சேரத்தான் செய்யும்.

வாரம் ஒருமுறை அளவு பாருங்கள். ஒரு லிட்டரில் 200 மில்லி குறைந்தால் மிச்சமுள்ள ஆயில் அதே சூட்டைச் சுமக்க வேண்டும். சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மரை முறுக்காமல் சும்மா இறக்கித்தான் அளக்க வேண்டும். முறுக்கி அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், குறைவது தெரியாமலே போகும். மேல் கோட்டைத் தாண்டியும் ஊற்றாதீர்கள்.

புழுதிக்கு எந்த கிரேடும் காவல் இல்லை. மண் துகள் உள்ளே போய்விட்டால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் அரைக்கும். உங்களைப் போன்ற பல பைக்குகளில் காகித ஆயில் ஃபில்டரே கிடையாது, கம்பி வலையும் சுழன்று அழுக்கை ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான் இருக்கும். நுண்ணிய தூசியை வலை பிடிக்காது. ஆகவே ஏர் ஃபில்டரில்தான் தடுக்க வேண்டும். அதைக் கழற்றி, ஃபில்டருக்கு அந்தப்பக்கம் இன்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் நிறம் ஒட்டினால் ஃபில்டர் கிழிந்திருக்கிறது அல்லது ஓரம் சரியாக உட்காரவில்லை. எண்ணெய் பூசிய காகித ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். சிலிண்டர் ஃபின்களுக்கு இடையில் காய்ந்த சேறு இருந்தால் அதையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெறும் ஆயில் மாற்றத்தால் அந்தச் சூடு இறங்காது.

வாங்கும்போது டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள், எம்ஏ2 இருந்தால் நல்லது. எம்பி என்றிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. எரிபொருள் சேமிப்புக் கார் ஆயில்களும் வேண்டாம். வழுக்கலைக் கூட்ட அவற்றில் சேர்த்திருக்கும் பொருட்கள், ஆயிலில் மூழ்கியே வேலை செய்யும் உங்கள் கிளட்சை நழுவ வைக்கலாம். மேட்டில் முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாது, அதுதான் அடையாளம். தனியாக விற்கும் ஆயில் சேர்மானங்களையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

புது ஆயில் ஊற்றி, அளவும் சரியாக இருந்து, மதியம் மீண்டும் கியர் இறுகினால் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு பொதுவாகப் போதும், உங்கள் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதன்படி வையுங்கள். தளர்வு அதிகமானால் கிளட்ச் முழுசாக விடாது, கியர் முரண்டு பிடிக்கும். பழியை ஆயில் சுமக்கும். அளவு வாரா வாரம் குறைந்து, முறுக்கும்போது நீலப் புகையும் வந்தால் ரிங், வால்வு சீல் பக்கம் தேய்மானம். உங்கள் மெக்கானிக் சொன்ன 50 கிரேடு அப்போது சில வாரம் புகையைக் குறைத்துக் காட்டலாம், ஆனால் இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.