பேக்ரவுண்டா, கையா, கிட்டக்க எடுத்ததா?

கேள்வி: நான் கைப்பை தைச்சு ஆன்லைன்ல விக்கிறேன். பழைய ஆட்ல வெள்ளை பேக்ரவுண்ட்ல நீலப் பை மட்டும் இருக்கும். புதுசா அதே பைய மரப்பலகை முன்னாடி வச்சு, ஒரு கை பிடிச்சிருக்கற மாதிரி, கிட்டக்க எடுத்துப் போட்டேன், கிளிக் நல்லா ஏறுச்சு. அதே மாதிரி பிரவுன் பைக்கும் எடுத்தேன், கிளிக்கே வரல. எதை நம்பறது?

பதில்: எனக்கு முதல்ல கண்ணுல பட்டது பையோட கலர் தாங்க. நீலம் மரத்து மேல எடுப்பா தெரியும், பிரவுன் அதுலயே கலந்து போயிடும், ஃபோன்ல வேகமா தள்ளிட்டுப் போறவங்களுக்கு பையோட ஓரமே தெரியாது. ஆனா இது ஊகம் தான். கை காரணமா இருக்கலாம், பை பெருசா தெரிஞ்சதும் இருக்கலாம், மூணையும் சேர்த்து மாத்திட்டதால ஏறின கிளிக்க எதோட கணக்குல எழுதறதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. பழைய ஆட்ட ரொம்ப நாளா பாத்துப் பாத்து ஜனங்களுக்கு சலிச்சிருக்கும், புதுசுங்கறதுக்காகவே கொஞ்சம் கிளிக் வந்திருக்கும், அதையும் மறந்துடாதீங்க.

அதனால இப்போ பேக்ரவுண்ட மட்டும் எடுத்துக்கோங்க, நீலப் பையிலயே. இதுக்காக ரெண்டு தடவை போட்டோ எடுக்காதீங்க, அங்க தான் நிறைய பேர் சறுக்கறாங்க. பைய நகர்த்தி திரும்ப வச்சா வெளிச்சம் விழற பக்கம் மாறும், வார் மடங்கற விதம் மாறும், கலர் லேசா மஞ்சளடிக்கும், நமக்கு ஒண்ணு மாறின மாதிரி தெரியும் ஆனா நாலு மாறியிருக்கும். ஒரே போட்டோவுல இருந்து பைய கட் பண்ணி ஒரு லேயர்ல வைங்க, நிழல தனி லேயர்ல வைங்க, அதுக்குக் கீழ வெள்ளைய ஒரு தடவை, மரத்த ஒரு தடவை போட்டு ரெண்டு படமா சேவ் பண்ணுங்க. மரம் வந்ததும் படம் இருட்டா தெரியுதேன்னு பையோட பிரைட்னஸ ஏத்தத் தோணும், தொடாதீங்க. ரெண்டும் ஒரே சைஸ், ஒரே தலைப்பு, ஒரே பட்டன், ஒரே லிங்க்.

சரியா வந்திருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு. ஃபோட்டோஷாப்ல ரெண்டு படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, மேல இருக்கறதோட பிளெண்ட் மோட Difference-னு மாத்துங்க. ஒரே மாதிரி இருக்கற இடமெல்லாம் கறுப்பாயிடும். பை இருக்கற இடம் முழுக்க கறுப்பா இருந்தா சரி, ஓரத்துல வெளிச்சக்கோடு மாதிரி ஓடுச்சுன்னா பை நகர்ந்திருக்கு இல்ல சைஸ் மாறியிருக்குன்னு அர்த்தம்.

ரெண்டையும் சும்மா ஒரே செட்ல போட்டுட்டா, முதல்ல நாலு கிளிக் கூட வாங்கினதையே சிஸ்டம் தள்ள ஆரம்பிச்சுடும், இன்னொண்ண ஆளுங்க பாக்கவே மாட்டாங்க. ஆட் மேனேஜர்ல ஏ/பி டெஸ்ட் ஆப்ஷன் இருக்கும், அதுல போட்டா ஆளுங்கள ரெண்டா பிரிச்சு ஒருத்தருக்கு ஒரு படம் தான் காட்டும். ஒரு வாரம் ஒண்ணு அடுத்த வாரம் இன்னொண்ணுன்னும் போடாதீங்க, வாரமே மாறிடுது. ரெண்டும் சேர்ந்து முழுசா 7 நாளாவது ஓடட்டும்.

இப்போ கணக்கு. உதாரணத்துக்கு ஒவ்வொண்ணும் 15,000 தடவை காட்டப்பட்டு வெள்ளைக்கு 300 கிளிக், மரத்துக்கு 345 கிளிக்னு வச்சுக்கோங்க. பாத்தா மரம் ஜெயிச்ச மாதிரி தான் தோணும். ரெண்டும் கிட்டத்தட்ட சம தடவை காட்டப்பட்டிருந்தா வித்தியாசத்த, மொத்த கிளிக்கோட வர்க்கமூலத்தால வகுங்க:

(345 − 300) ÷ √(345 + 300) = 45 ÷ 25.4 = 1.77

இது கிட்டத்தட்ட 2-ஐத் தாண்டினா தான் தற்செயல் இல்லன்னு ஓரளவு நம்பலாம். 1.77 பத்தாது. 2 சதவீதம் கிளிக் வர ஆட்ல 2.5 சதவீதமா ஏறுதான்னு பிடிக்கவே ஒவ்வொண்ணுக்கும் சுமார் 14,000 தடவை வேணும், அதவிட சின்ன வித்தியாசத்துக்கு இன்னும் நிறைய. எத்தனை தடவை காட்டணும்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க, தினமும் திறந்து பாத்துட்டு 2 வந்த அன்னிக்கே நிறுத்தினா தற்செயலா வந்த ஏத்தத்த வெற்றின்னு எடுத்துப்பீங்க. கிளிக்கோட எத்தனை பேர் வாங்கினாங்கன்னும் குறிச்சு வைங்க, மரத்துக்கு கிளிக் வந்து வெள்ளைக்கு விற்பனை வரதும் நடக்கும்.

ஒண்ணொண்ணா மாத்தற முறைக்கும் ஒரு குறை உண்டு. கை வெள்ளையில எடுபடாம மரத்துல மட்டும் எடுபடலாம், அது இதுல பிடிபடாது. அந்த சந்தேகம் வந்தா வெள்ளை, மரம், ரெண்டும் கையோட ஒண்ணு கையில்லாம ஒண்ணுன்னு நாலு படம் போடணும், ஆனா அதுக்கு ஆட் செலவு ரெண்டு மடங்கு.

முதல்ல நீலப் பை பேக்ரவுண்ட், அப்புறம் அதே டெஸ்ட் பிரவுன் பையில. நீலத்துல மரம் ஜெயிச்சு பிரவுன்ல தோத்தா கலர் தான் காரணம்னு என் ஊகத்துக்கு பலம் கூடும். ரெண்டுலயும் வித்தியாசமே வரலன்னா, எடுக்க சுலபமான வெள்ளையவே வச்சுக்கிட்டு கைக்குப் போங்க.