பாய்சான் விகிதம் சரி, யங் குணகம் மட்டும் குறைவது ஏன்?

கேள்வி: 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள 6061-T6 அலுமினியப் பட்டையின் ஒரே முகத்தில் நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று என இரண்டு ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டி இழுத்தோம். பாய்சான் விகிதம் 0.33 வருகிறது. யங் குணகம் 69 ஜிகா பாஸ்கல் வர வேண்டிய இடத்தில் 58தான் வருகிறது. கேஜ் பழுதா?

பதில்: கேஜைப் பிடுங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் பட்டை இழுபடும்போதே கொஞ்சம் வளைகிறது. கிரிப்பின் இழுவிசை பட்டையின் நடுத்தடிமனில் போகாமல் சற்று விலகிப்போனால், ஒரு முகம் கூடுதலாக நீளும், மறுமுகம் குறைவாக நீளும். விலகலை e, தடிமனை t என்றால், முகத்தில் சேரும் வளைவுத் திரிபு நேர்த்திரிபைப்போல் 6e/t மடங்கு. 3 மி.மீ. பட்டையில் வெறும் 0.1 மி.மீ. விலகலே 20 சதவீதப் பிழை தந்துவிடும். கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

விகிதம் மட்டும் எப்படித் தப்பியது? வளைவால் நீளத்திரிபு எவ்வளவு கூடுகிறதோ, குறுக்குத்திரிபும் அதே வீதத்தில் கூடும்; வகுக்கும்போது இரண்டும் அடிபட்டுப்போகும். கேஜ் ஃபேக்டரைத் தவறாகக் கொடுத்திருந்தாலும், தடிமனைத் தவறாக அளந்திருந்தாலும் விகிதம் இப்படியே சரியாகத்தான் வரும். ஆகவே 0.33 வந்ததை வைத்துக் காரணத்தைப் பிரித்தறிய முடியாது.

பிரித்துக் காட்டுவது ஒரு எளிய சோதனை. மேல்முனை மேலேயே இருக்கட்டும். பட்டையை 180 பாகை திருப்பி, முன்முகம் பின்னால் போகும்படி மாட்டி மறுபடி இழுங்கள். ஒற்றைப் புள்ளியை எடுக்காமல் 1 முதல் 4 கிலோ நியூட்டன் வரையான சரிவை எடுங்கள். பரப்பு 75 சதுர மி.மீ., ஆகவே தகைவு மாற்றம் 40 மெகா பாஸ்கல்.

உங்கள் அளவையொட்டி ஒரு கணக்கு. முதல் முறை நீளவாக்கில் 692, குறுக்கே −228 மைக்ரோ ஸ்ட்ரெய்ன். திருப்பியபின் 468, −154 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 580, −191.

```
E = 40 / 0.000580 ≈ 69000 MPa
ν = 191 / 580 ≈ 0.33
```

சராசரி எடுக்க வேண்டியது திரிபைத்தான். 57.8, 85.5 என்ற இரு குணகங்களைச் சராசரி செய்தால் 71.6 என்று தவறாக வரும். இரு வாசிப்புகளின் வித்தியாசத்தில் பாதி 112. அதிலிருந்து விலகல் ஏறக்குறைய 0.1 மி.மீ. என்பதும் கிடைத்துவிடுகிறது. திருப்பியும் 58 தான் என்றால், மைக்ரோமீட்டரையும் கேஜ் ஃபேக்டர் அமைப்பையும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: பட்டையே வளைந்திருந்தால் திருப்பிப் பயனில்லை, வளைவும் கூடவே திரும்பும். சுமையே இல்லாமல் கீழ்க்கிரிப்பை இறுக்கும்போது வாசிப்பு துள்ளினால், தொடக்கத்தில் வரைகோடு வளைந்து போனால், பட்டை மேல் சந்தேகப்படுங்கள். அப்போது பின்முகத்தில், முன்கேஜுக்கு நேர் பின்னால், நீளவாக்கில் இன்னொரு கேஜ் ஒட்டி இரண்டின் சராசரியை எடுப்பதுதான் வழி.