வாந்தி, வயிற்று உப்பல், வாயு பிரியவில்லை: குடல் அடைப்பு பற்றிய கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. 12 வருடத்துக்கு முன் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நேற்றிலிருந்து பச்சை வாந்தி, வயிறு உப்பல், வாயுகூடப் பிரியவில்லை. குடல் அடைப்பு என்று அட்மிட் செய்துவிட்டு, மூக்கில் குழாய் போட்டுச் சும்மா படுக்க வைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் வேண்டாமா?

பதில்: சும்மா இல்லை, அந்தக் குழாய்தான் வைத்தியமே. வயிற்றில் ஆபரேஷன் நடந்தால் உள்ளேயும் தழும்பு உண்டாகும். நார் போன்ற அந்தத் தழும்பில் சிறுகுடல் ஒட்டிக்கொண்டு, பல வருடம் கழித்துக்கூட ஒருநாள் மடங்கி அடைத்துக்கொள்ளும். அடைப்புக்கு மேலே பித்தமும் குடல்நீரும் லிட்டர் கணக்கில் தேங்கும். மூக்கில் போட்ட ரைல்ஸ் ட்யூப் என்ற அந்தக் குழாய் அதை வெளியே எடுத்ததும் குடலின் வீக்கம் வடியும், மடங்கிய இடம் தானே நிமிர வாய்ப்புக் கிடைக்கும். வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் குறையும்.

வாய்வழியாகத் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள். இழந்த நீரும் உப்பும் டிரிப்ஸில் போகும். பொட்டாசியம் குறைந்தால் குடல் இன்னும் மந்தமாகிவிடும், அதனால் ரத்தத்தில் அதை அடிக்கடி பார்ப்பார்கள். சிறுநீரைச் சேகரிக்கும் பையை எதற்கு மாட்டுகிறார்கள் என்று பலர் கேட்பார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் வந்தால்தான் டிரிப்ஸ் போதுகிறது என்று அர்த்தம்.

அப்புறம், சில ஆஸ்பத்திரிகளில் அதே குழாய் வழியே 100 மில்லி அளவு எக்ஸ்ரே மருந்து செலுத்துவார்கள். 24 மணி நேரத்துக்குள் எடுக்கும் எக்ஸ்ரேயில் அது பெருங்குடலை எட்டியிருந்தால், பெரும்பாலும் கத்தி வேண்டியிருக்காது. மூன்று நாளாகியும் வழி திறக்கவில்லை என்றால் பொதுவாக ஆபரேஷன்தான்.

கேள்வி: காத்திருக்கும்போது நிலைமை மோசமானால் எப்படித் தெரியும்?

பதில்: வலியைக் கவனியுங்கள். அடைப்பு வலி விட்டு விட்டு முறுக்கும். அது விடாத வலியாக மாறினாலோ, ஊசி போட்டும் அடங்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாடி 100-ஐத் தாண்டினாலோ, வயிறு கல்லாக இறுகினாலோ உடனே சொல்லுங்கள். குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோயிருக்கலாம். சி.டி. ஸ்கேனில் குடல் முறுக்கிக்கொண்டது தெரிந்தாலும் அப்படித்தான்: மூன்று நாள் கணக்கு அங்கே செல்லாது, அன்றே வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும். தாமதித்தால் அழுகிய பகுதியை வெட்டி எடுக்க நேரும்.

கேள்வி: காலையில் கொஞ்சம் மலம் போனது. அப்படியென்றால் அடைப்பு இல்லைதானே?

பதில்: அப்போதும் அடைப்பு இருக்கலாம். அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்தது வெளியேறியிருக்கும். இதை நம்பி வீட்டில் பேதி மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். மூடிய வழியை நோக்கிக் குடலை உந்தித் தள்ளுவதால் வலியும் வாந்தியும்தான் கூடும்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. ஆபரேஷனே நடந்ததில்லை. அதே அறிகுறிகள். எதனால்?

பதில்: முதலில் தொடை இடுக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். குடலிறக்கத்தைப் பல வருடம் வேட்டிக்குள் மறைத்து வைத்திருக்கும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படுத்தால் உள்ளே போய்விடும் கட்டி இப்போது போகவில்லை, தொட்டால் வலிக்கிறது என்றால், அதை அமுக்கித் தள்ளப் பார்க்காமல் இன்றே சர்ஜனிடம் காட்டுங்கள். கட்டி எதுவும் இல்லையென்றால் பெருங்குடல் புற்றுநோயையும் சி.டி. ஸ்கேனில் தேடுவார்கள்.