மழைநீர்த் தொட்டியில் கம்பி சென்சார் ஏமாற்றும்

*சிராங்கூன் கார்டன்ஸில் எங்கள் தரைவீட்டில், கீழே 1,000 லிட்டர் மழைநீர்த் தொட்டி, மாடியில் 300 லிட்டர் தொட்டி. செடிக்கும் கார் கழுவவும்தான். சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்ததில் அரை எச்.பி. மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடி, சீல் போய்விட்டது. பிறகு, எஃகுக் கம்பிகள் தொங்கும் தானியங்கிப் பெட்டி ஒன்று மாட்டினேன். கீழே தண்ணீர் இருந்தும் சில நாள் ஓடுவதில்லை. சில நாள் மேலே வழிந்தும் நிற்பதில்லை. என்ன செய்வது?*

பெட்டி கெட்டுப்போகவில்லை. ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் வழியாக மின்சாரம் பாய்ந்தால்தான் அதற்குத் தண்ணீர் இருப்பது தெரியும். குழாய்நீரில் உப்புகள் உண்டு, பாயும். மழைநீரில் அவை மிகக் குறைவு. மோட்டாருக்குப் போகும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரு வாளி மழைநீரில் கம்பிகளை விட்டுப் பாருங்கள். பெட்டி கண்டுகொள்ளாமல் இருக்கலாம். ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினால் விளக்கு எரியும். அப்படி எரிந்தால் காரணம் இதுதான். தொட்டியில் உப்புப் போட முடியாதே, ஆகவே கம்பிகளைக் கழற்றிவிட்டு ஃப்ளோட் சுவிட்சுக்கு மாறுங்கள். மிதக்கிறதா, தொங்குகிறதா என்பது மட்டுமே அதற்குக் கணக்கு.

இரண்டு தொட்டிக்கும் ஒவ்வொன்று. கீழ்த்தொட்டியில் ஃப்ளோட் மேலே மிதக்கும்போது இணையும் முனைகளையும், மேல்தொட்டியில் அது கீழே தொங்கும்போது இணையும் முனைகளையும் எடுங்கள். கம்பி நிறத்தை நம்பாமல், கையில் தூக்கியும் தொங்கவிட்டும் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். இரண்டையும் தொடராக இணைத்து, மோட்டாரை இயக்கும் காண்டாக்டரின் காயிலுக்குக் கொடுக்க வேண்டும். "கீழே தண்ணீர் இருக்கிறது, மேலே இடம் இருக்கிறது" என்று இரண்டும் சொன்னால்தான் மோட்டார் ஓடும். எங்காவது கம்பி அறுந்தால் நின்றுவிடும். பழுதானால் நிற்க வேண்டும், ஓடக் கூடாது. நான் எந்த அமைப்பையும் இதை வைத்துத்தான் எடை போடுவேன்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. மேல்தொட்டி ஃப்ளோட்டுக்குள் நீர் புகுந்து அது மூழ்கிவிட்டால், தொட்டி காலி என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதற்குச் சற்று மேலே இன்னொரு ஃப்ளோட்டை அதே தொடரில் சேர்த்துவிட்டால் போதும்.

அடுத்து, உயரம். ஃப்ளோட் கேபிளைக் கட்டும் இடத்திலிருந்து எவ்வளவு நீளம் விடுகிறோமோ, அதைப் பொறுத்துத்தான் ஓடும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் இடைவெளி அமையும். உங்கள் கீழ்த்தொட்டியின் அடிப்பரப்பு ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 செ.மீ. தண்ணீர் என்பது 100 லிட்டர். இடைவெளி 5 செ.மீ.தான் என்றால், நிமிடத்துக்கு 30 லிட்டர் இறைக்கும் மோட்டார் இரண்டு நிமிடங்கூட ஓடாமல் நிற்கும். தூறலில் மட்டம் ஏறியதும் மறுபடி கிளம்பும். இடைவெளியை 30 செ.மீ. ஆக்குங்கள். நிற்கும் மட்டம், உறிஞ்சுகுழாயின் வாயிலிருந்து 20 செ.மீ. மேலேயாவது இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் சுழல் உண்டாகிக் காற்றை இழுக்கும்.

இவ்வளவு செய்தும் சீல் போக வழியிருக்கிறது. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், உறிஞ்சுகுழாயின் அடியில் நீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும் ஃபுட் வால்வில் ஓர் இலை சிக்கியிருக்கும். குழாயில் இருந்த நீர் இறங்கிவிடும், மோட்டார் வெறுமனே சுற்றும். ஃப்ளோட்டுக்கு இது தெரியாது. அதனால் பம்பை விட்டு வெளியேறும் குழாயில் ஒரு ஃப்ளோ சுவிட்சும், கூடவே ஒரு டைமரும் வேண்டும். மோட்டார் கிளம்பி எத்தனை வினாடியில் தண்ணீர் வருகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். 15 வினாடி என்றால், டைமரை 30இல் வையுங்கள். அதற்குள் ஓட்டம் இல்லையென்றால் மோட்டார் நின்று, ஆள் வந்து பட்டனை அழுத்தும்வரை நின்றபடியே இருக்க வேண்டும். தானாக மறுபடி முயலும் அமைப்பு வேண்டாம், அது சீலைத் தவணை முறையில் தீர்த்துவிடும். மின்னோட்டம் குறைவதை வைத்து நிறுத்தும் பெட்டிகளும் உண்டு. ஆனால் சிறிய ஒற்றைக் கட்ட மோட்டார்களில் வெறுமனே சுற்றும்போதும் மின்னோட்டம் அவ்வளவாகக் குறையாது என்பதால், உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

தண்ணீருக்குள் 230 வோல்ட் போக வேண்டாம். தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, ஃப்ளோட் கம்பிகளை 24 வோல்ட்டில் ஓட்டுங்கள். காண்டாக்டர் காயிலும் அதே 24 வோல்ட்டுக்கானதாக இருக்கட்டும். மோட்டாருக்கு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. பாதுகாப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மின் இணைப்பு வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். மழைநீர்க் குழாய் எந்த இடத்திலும் பொதுப் பயனீட்டுக் கழகக் குடிநீர்க் குழாயோடு சேரக் கூடாது.

எல்லாம் மாட்டிய பிறகு, மோட்டார் ஓடும்போது உறிஞ்சுகுழாய் வால்வை மூடுங்கள். 30 வினாடியில் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் உடனே கையால் அணைத்துவிட்டு, ஃப்ளோ சுவிட்ச் எந்தப் பக்கம் பார்த்து மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அம்புக்குறி நீரோட்டத் திசையில் இருக்க வேண்டும். அப்புறம், கேபிளுக்காகத் தொட்டி மூடியில் போட்ட துளையை ரப்பர் கிளாண்டால் அடைத்துவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அந்த இடுக்கே போதும்.