மூன்று முதலீடு, ஒரு போர்ட்ஃபோலியோ: ரிஸ்க்கை எக்ஸெல்லில் கணக்கிடுவது எப்படி?

கேள்வி: நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் 6 லட்சம், கோல்டு ஈடிஎஃப்பில் 2.5 லட்சம், கடன் ஃபண்டில் 1.5 லட்சம் வைத்திருக்கிறேன். 60 மாத வருமானத்தை எக்ஸெல்லில் போட்டதில் ஆண்டு திட்ட விலக்கம் 16%, 14%, 3% என்று வந்தது. பணத்தின் விகிதப்படி சராசரி எடுத்தால் 13.55%. இது சரியா? Data Analysis-இல் கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் எடுத்து MMULT போட்டால் #VALUE! என்று வருகிறது.

பதில்: 13.55% சரியில்லை. மூன்று முதலீடும் எப்போதும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால்தான் அந்தச் சராசரி பொருந்தும். உங்கள் பங்கு ஃபண்டும் தங்கமும் அப்படி நகரவில்லை. அதைக் கணக்கில் சேர்ப்பதற்குத்தான் கோவேரியன்ஸ்.

முதலில் #VALUE!-ஐப் பார்ப்போம். Data Analysis தரும் மேட்ரிக்ஸில் மூலைவிட்டமும் அதற்குக் கீழே உள்ள பாதியும் மட்டும்தான் நிரம்பியிருக்கும், மேல் பாதி காலி. காலி செல் ஒன்று இருந்தாலும் MMULT மறுத்துவிடும். சிலர் அந்த இடங்களில் 0 போட்டுவிடுவார்கள். பிழைச் செய்தி போய்விடும், ஆனால் ஒவ்வொரு ஜோடியின் கோவேரியன்ஸும் இரண்டு முறை வரவேண்டிய இடத்தில் ஒரு முறைதான் வரும். உங்கள் எண்களில் 10.12%-க்குப் பதில் 10.17% வரும் என்பதால் தவறு கண்ணிலேயே படாது. தங்கத்துக்குப் பதிலாக நிஃப்டியோடு சேர்ந்தே நகரும் மிட்கேப் ஃபண்ட் இருந்தால், ரிஸ்க் நிஜத்தைவிட நன்றாகவே குறைந்து தெரியும்.

அதனால் ஒன்பது செல்களையும் நீங்களே ஃபார்முலாவால் நிரப்புங்கள். மாத வருமானம் (NAV அல்ல, மாதத்துக்கு மாதம் அதன் சதவீத மாற்றம்) B, C, D பத்திகளில் இருக்கட்டும். பங்கு–தங்கம் செல்லுக்கு:

```
=COVARIANCE.S(B2:B61,C2:C61)*12
```

12-ஆல் பெருக்குவது மாதக் கணக்கை ஆண்டுக் கணக்காக்க. மூலைவிட்டத்தில் ஒரே பத்தியை இரண்டு முறை கொடுத்தால் அதன் வேரியன்ஸ் கிடைக்கும். அதன் வர்க்கமூலம் 16%, 14%, 3% என்று வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் ஏதோ ஒரு பத்தி தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கணக்குக்காக மற்ற ஜோடிகளை இப்படி வைத்துக்கொள்வோம்: பங்கு–தங்கம் -0.00112, பங்கு–கடன் 0.00048, தங்கம்–கடன் 0.00042. மேட்ரிக்ஸ் J2:L4-இல், விகிதங்கள் 0.60, 0.25, 0.15 ஆகியவை G2:G4-இல் என்றால், வேரியன்ஸுக்கு:

```
=SUMPRODUCT(G2:G4,MMULT(J2:L4,G2:G4))
```

TRANSPOSE தேவையில்லை என்பதால் பழைய எக்ஸெல்லிலும் Ctrl+Shift+Enter அழுத்தாமலே வேலை செய்யும். விடை 0.01024. SQRT போட்டால் 10.12%.

இதோடு நிறுத்திவிடாதீர்கள், அடுத்த கணக்கில்தான் உண்மையான விஷயம் இருக்கிறது. MMULT(J2:L4,G2:G4) தரும் மூன்று எண்களை (0.015152, 0.004291, 0.000528) அதனதன் விகிதத்தால் பெருக்கி, 0.01024-ஆல் வகுத்துப் பாருங்கள். மொத்த ரிஸ்க்கில் பங்கு ஃபண்டுக்கு ஏறக்குறைய 89%, தங்கத்துக்கு 10%-க்குச் சற்று மேல், கடன் ஃபண்டுக்கு 1%-கூட இல்லை. பணத்தில் 60% மட்டும் பங்குச் சந்தையில் இருப்பதாக நினைத்திருப்பீர்கள். ஆட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ரிஸ்க்கைக் குறைக்கவேண்டுமென்றால் கடன் ஃபண்டை இன்னொரு கடன் ஃபண்டாக மாற்றுவதில் பயனில்லை, பங்கின் விகிதத்தைத்தான் தொடவேண்டும்.

அப்புறம் அந்த 60 மாதம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். 2020 மார்ச் ஒரே மாதத்தில் நிஃப்டி ஏறக்குறைய 23% விழுந்தது. 2021-இல் தொடங்கும் தரவில் அந்த மாதம் இல்லை. சராசரியிலிருந்து 24 புள்ளி விலகிய அப்படி ஒரு மாதம் 60 மாதக் கணக்கில் இருந்தால், அதன் வர்க்கத்தை 59-ஆல் வகுத்து 12-ஆல் பெருக்கும்போது ஆண்டு வேரியன்ஸில் அதுமட்டுமே சுமார் 0.0117 சேர்க்கும். உங்கள் பங்கு ஃபண்டின் மொத்த வேரியன்ஸே 0.0256தான். மற்ற செல்களை அப்படியே விட்டு, இந்த ஒரு செல்லில் மட்டும் 0.0373 என்று போட்டுப் பாருங்கள்: போர்ட்ஃபோலியோவின் திட்ட விலக்கம் 10.1%-இலிருந்து 12.0%-க்குப் போகும். எவ்வளவு இறக்கத்தைத் தாங்க முடியும் என்று முடிவு செய்யும்போது இந்த 12%-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.