கறுப்புக் கோட்டு போட்டவர் வக்கீலா, டிக்கெட் பரிசோதகரா?

கேள்வி: வேலூர் பக்கம் எடுத்த தெருப் படங்களில் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டையில் இருப்பவர்களை எல்லாம் வக்கீல் என்று குறித்துவிடலாமா?

கூடாது. கோட்டை விட்டுவிட்டுக் கழுத்தைப் பாருங்கள். வக்கீலின் வெள்ளைக் கழுத்துப்பட்டை காலருக்குக் கீழே இரண்டு நாக்குகளாகப் பிரிந்து தொங்கும். வெயிலில் எடுத்த படத்தில் அது வெள்ளைச் சட்டையோடு கரைந்துவிடும். படத்தைப் பெரிதாக்கி, இரண்டு நாக்குக்கும் நடுவே ஓடும் மெல்லிய நிழல்கோட்டைத் தேடுங்கள்.

பட்டை இல்லாததால் வக்கீல் இல்லை என்றும் முடிவுகட்ட வேண்டாம். நீதிமன்றத்துக்கு வெளியே, பொது இடத்தில் அதை அணியக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழுள்ள நீதிமன்றங்களில் பட்டைக்குப் பதில் கறுப்பு டையும் கட்டலாம். குழப்பமே இந்த டையில்தான், ஏனென்றால் பரிசோதகரும் டை கட்டுவார்.

காட்பாடி சந்திப்பு நடைமேடையில் ஒருவர் நிற்கிறார்: கறுப்புக் கோட்டு, டை. மார்பில் பெயர்ப்பட்டை, கையில் பயணிகள் பட்டியலோ சிறு கருவியோ தெரிந்தால் பரிசோதகர் என்று குறியுங்கள். பையின் வார் மார்பை மறைத்து, கையும் காலியாக இருந்தால், ரயில் நிலையம் என்பதை மட்டும் வைத்துத் தொழிலை எழுதாதீர்கள். ரயிலுக்குக் காத்திருக்கும் வக்கீலாகவும் இருக்கலாம். ‘கறுப்புக் கோட்டு அணிந்தவர், தொழில் தெரியவில்லை’ என்பதே சரியான குறிப்பு.

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துப் படத்தில் பட்டை தெளிவாகத் தெரிந்தாலும் ஒரு கவனம் வேண்டும்: நீதிபதியும் அதே பட்டை அணிவார்.