‘மேற்கண்ட அனைத்தும்’ என்பதை எப்போது குறிக்கலாம்?

கேள்வி: விடை தெரியாவிட்டால் ‘மேற்கண்ட அனைத்தும்’ என்பதைப் போட்டுவிடு, ‘எதுவுமில்லை’ என்றால் தொடாதே என்கிறார்கள் நண்பர்கள். இதை நம்பித் தேர்வு எழுதலாமா?

பதில்: வகுப்புத் தேர்வில் சில சமயம் பலிக்கும். மூன்று சரியான செய்திகள் கையில் இருக்கும்போதுதான் பல ஆசிரியர்களுக்கு ‘அனைத்தும்’ என்று எழுதத் தோன்றும். கவனமாகத் தயாரித்த தேர்வில் அதே தெரிவு தவறான விடையாகவும் வரும். அதனால் ஊகத்தை விட்டுவிட்டு, மற்ற தெரிவுகளைச் சோதியுங்கள்.

36-இன் வகுத்தி எது என்று கேட்டு 9, 12, 18, ‘அனைத்தும்’ என்று கொடுத்திருக்கிறார்கள். 9 மீதியின்றி வகுக்கிறது, 12-உம் வகுக்கிறது. ஒரே விடைதான் உண்டு என்றால், இரண்டு சரியான உடனேயே ‘அனைத்தும்’ உறுதி. 18-ஐப் பார்க்கவே வேண்டாம். மாறாக, 18-க்குப் பதில் 24 இருந்து, அது வகுக்காது என்று கண்டுபிடித்தால் ‘அனைத்தும்’ அப்போதே விழுந்துவிடும். ஆனால் அப்படியொரு வினாவில் 9, 12 இரண்டுமே சரியாக இருப்பதால் ‘9, 12 மட்டும்’ என்று இன்னொரு தெரிவு இருந்தாக வேண்டும். அது கண்ணில் பட்டால் இரண்டோடு நிறுத்தாதீர்கள், மூன்றாவதையும் சோதியுங்கள். ‘மிகப் பொருத்தமானது எது’ என்ற கேள்வியிலும் இந்தக் குறுக்குவழி செல்லாது. அங்கே இரண்டு கூற்றுகள் உண்மையாக இருந்தும் ஒன்றுதான் விடையாகலாம்.

‘எதுவுமில்லை’ இதைவிடக் கறாரானது. பகா எண் எது என்று கேட்டு 51, 57, 91, ‘எதுவுமில்லை’ என்று வைத்தால் மூன்றும் பகா எண் போலவே தோன்றும். 51 என்பது 3 × 17, 57 என்பது 3 × 19. இரண்டையும் தள்ளிய பிறகும் விடை கிடைத்துவிடவில்லை. 91-க்கும் ‘எதுவுமில்லை’க்கும் நடுவில் பாதிக்குப் பாதிதான். பலர் இங்கேதான் அவசரப்பட்டு 91-ஐக் குறிப்பார்கள். 7 × 13 என்று பார்த்த பிறகே ‘எதுவுமில்லை’ உறுதியாகிறது.

கணக்கில் உங்கள் விடை தெரிவுகளில் இல்லை என்பதற்காக உடனே இதற்குத் தாவ வேண்டாம். கூட்டலில் பிழையோ அலகு மாற்றத்தில் பிழையோ இருக்கலாம். முடிந்த இடத்தில், கொடுத்திருக்கும் எண்களைக் கேள்வியிலேயே போட்டுப் பாருங்கள். மூன்றும் பொருந்தாவிட்டால் தயங்காமல் குறிக்கலாம்.

அப்புறம், ‘தவறானது எது’ என்று கேட்டால் எல்லாம் தலைகீழ். அங்கே ‘எதுவுமில்லை’ என்றால் எல்லாக் கூற்றும் சரி என்று பொருள். இப்படிக் கேட்பது நல்ல வினா அல்ல என்பது என் கருத்து. பாடம் தெரிந்தவரையும் சொற்களிலேயே தடுக்கி விழவைக்கும். வந்துவிட்டால் ஒவ்வொரு கூற்றின் பக்கத்திலும் ‘ச’ அல்லது ‘த’ என்று எழுதிக்கொண்டு, பிறகு கேள்வியை இன்னொரு தடவை படியுங்கள்.